சி.எஃப்.ஏ. முதல் நிலை: வேலை முடிந்த மாலையில் படிப்பவர்களின் கேள்விகள்

300 மணி நேரம் படிக்க வேண்டும் என்கிறார்கள். முழு நேர வேலையில் இருப்பவருக்கு அது நடக்கிற காரியமா?

நடக்கும். ஆனால் மூன்று மாதத்தில் நடக்காது. 300 மணி நேரம் என்பது முதலீட்டுத் துறைக்கான இந்தத் தேர்வை நடத்தும் சி.எஃப்.ஏ. இன்ஸ்டிடியூட்டே சொல்லும் உத்தேசக் கணக்கு. வார நாள்களில் நான்கு மாலை, மாலைக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் 6 மணி நேரம். சனிக்கிழமை 4, ஞாயிற்றுக்கிழமை 3 என்று சேர்த்தால் வாரத்துக்கு 13. இந்த வேகத்தில் 300 மணி நேரத்தை எட்ட 23 வாரம் ஆகும். காய்ச்சல், வீட்டு விசேஷம், அலுவலகத்தில் ஆடிட் என்று மூன்று நான்கு வாரமாவது கையை விட்டுப் போகும். ஆகவே ஆறு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிலைத் தேர்வு பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் நடக்கிறது. எழுதப்போகும் மாதத்தை முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்கும் வாரத்தைக் கண்டுபிடியுங்கள்.

ஐந்து மாலை என்று ஏன் போடவில்லை என்று கேட்பார்கள். வாரத்தில் ஒரு மாலையை வேலையோ வீடோ எப்படியும் எடுத்துக்கொள்ளும். அதை முன்கூட்டியே கணக்கிலிருந்து கழித்துவிட்டால், எடுத்துக்கொள்ளும்போது திட்டம் உடையாது. மாலைக்கு மூன்று மணி நேரம் என்று எழுதி வைத்த அட்டவணைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வாரத்தைத் தாண்டிய ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

பக்கம் பக்கமாகப் படிக்கிறேன், கோடு போடுகிறேன். மறுநாள் மாலை திறந்தால் புதிதாகப் படிப்பதுபோல இருக்கிறது. என் நினைவாற்றல் குறைந்துவிட்டதா?

நினைவாற்றலில் குறை இல்லை. செய்யும் வேலைதான் அந்த நேரத்துக்குப் பொருந்தவில்லை. எட்டு ஒன்பது மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்த பிறகு, கண் வரிமேல் ஓடிக்கொண்டே இருக்கும், மனம் மாலை நடந்த மீட்டிங்கில் நின்றிருக்கும். வாசிப்பில் உள்ள ஆபத்தே அதுதான். கவனம் நின்றுபோனாலும் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும், நின்றது நமக்குத் தெரியாது. கேள்வி போடும்போது அப்படி ஏமாற்றிக்கொள்ள முடியாது. மூன்று விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். கவனம் போயிருந்தால் அடுத்த நிமிடமே தெரிந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள், மாணவர்களை ஒரு பகுதியை மீண்டும் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு பகுதியைப் படித்த பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்த பகுதியே கூடுதலாக நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது: எழுதிப் பார்த்த பகுதியில் 56 விழுக்காடு நினைவில் இருந்தது, மீண்டும் படித்த பகுதியில் 42. மாலையில் கோடு போட்டு முடித்ததும் 'புரிந்துவிட்டது' என்று தோன்றுவது அந்த ஐந்து நிமிட வெற்றிதான்.

ஆகவே இந்தப் பக்கத்தில் நான் சொல்வதெல்லாம் ஒரே விதியிலிருந்து வருகிறது: மாலை நேரம் கேள்விக்கு, புதுப் பாடம் வார இறுதிக்கு.

பாடத்தைப் படிக்காமலே கேள்வி போட்டால் எல்லாம் தவறாகத்தானே வரும்?

பாடத்தை விடச் சொல்லவில்லை, சனிக்கிழமை காலைக்கு மாற்றச் சொல்கிறேன். ஒரு வாரம் எப்படிப் போகும் என்று கடன் பத்திரங்களை வைத்துப் பார்ப்போம். சனிக்கிழமை காலை நான்கு மணி நேரத்தில் பத்திரத்தின் விலைக்கும் ஈட்டுவிகிதத்துக்கும் உள்ள உறவு பற்றிய பாடத்தைப் படிக்கிறீர்கள். எடுத்துக்காட்டுக் கணக்குகளைக் கையால் போட்டுப் பார்க்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் ஒரு மணி நேரம் புத்தகத்தை மூடிவைத்து, நினைவிலிருப்பதை ஒரு தாளில் எழுதுகிறீர்கள். எழுத வராத இடத்தை மட்டும் திறந்து பார்க்கிறீர்கள். மீதி இரண்டு மணி நேரத்தில் அடுத்த பாடத்தைத் தொடலாம்.

திங்கள் மாலை, அந்தப் பாடத்திலிருந்து 20 கேள்விகள். கேள்விக்கு ஒன்றரை நிமிடம் வீதம் அரை மணி நேரம். மீதி ஒரு மணி நேரமும் விடை விளக்கம் படிப்பதற்கு. சரியாகப் போட்ட கேள்விக்கும் விளக்கம் படியுங்கள், ஏனென்றால் குருட்டாம்போக்கில் சரியானவை அதில் கலந்திருக்கும். செவ்வாய் மாலை 10 கேள்விகள் இதே பாடத்திலிருந்து, 10 கேள்விகள் மூன்று வாரத்துக்கு முன் முடித்த பாடத்திலிருந்து. புதன் விடுமுறை. வியாழன் செவ்வாயைப் போலவே, பழைய பாடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளி தவறு நோட்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். திங்கள் மாலை 20க்கு 9தான் சரியாக வந்தது என்று பலர் சோர்ந்துபோய் எழுதுகிறார்கள். முதல் சுற்றில் அது இயல்பான எண்தான். அந்த 11 தவறுகள்தான் அன்றைய பாடம்.

வீட்டுக்கு வந்ததும் உட்கார வேண்டுமா, சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்துவிட்டு உட்காரலாமா?

சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார முடிகிறவர்களுக்கு வேலை சுலபம். வயிறு நிறைய உண்ட பிறகு வரும் மந்தம் ஒன்றரை மணி நேரத்தில் பாதியைத் தின்றுவிடும். பசி தாங்காது என்றால் எதையாவது சிறிதளவு கொறித்துவிட்டு உட்காருங்கள். படுக்க வேண்டும் என்றால் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுங்கள். ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தால் தலை கனக்கும், இரவுத் தூக்கமும் தள்ளிப்போகும். வசதி இருந்தால் அலுவலகத்திலேயே ஒரு காலி அறையில் முடித்துவிட்டு வீட்டுக்கு வருவது எல்லாவற்றிலும் நல்லது.

தூக்கம் வந்தால் காபி குடித்துவிட்டு இன்னும் ஒரு மணி நேரம் இழுக்கலாமா?

வேண்டாம். உடலுக்குள் போன கஃபீனில் பாதி வெளியேறவே பெரும்பாலோருக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். இரவு 8 மணிக்குக் குடித்த காபியில் பாதி நள்ளிரவு 1 மணிக்கும் உங்களுக்குள் இருக்கிறது. படித்தது நினைவில் படிவதற்குத் தூக்கம் வேண்டும். அதை வெட்டி ஒரு மணி நேரம் சேர்ப்பது நஷ்டக் கணக்கு.

கணக்குகள் பகலில் சரியாக வருகின்றன. இரவில் அதே வகைக் கணக்கு தவறாக வருகிறது, எங்கே தவறு என்றும் தெரியவில்லை. என்ன செய்வது?

முதலில் கால்குலேட்டரைப் பாருங்கள். தேர்வறைக்குள் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் BA II Plus, எச்.பி. நிறுவனத்தின் 12C ஆகிய இரண்டு வகைகளுக்கு மட்டும்தான் அனுமதி. பெரும்பாலோர் முதலாவதை வைத்திருப்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் 100 வீதம் 5 ஆண்டுகளுக்குப் பணம் வரும், வட்டி 8 விழுக்காடு, இன்றைய மதிப்பு என்ன? இதற்கு அழுத்த வேண்டியவை:

```
2ND  CLR TVM
5    N
8    I/Y
100  PMT
CPT  PV
```

திரையில் −399.27 வர வேண்டும். 431.21 என்று வந்தால் உங்கள் கருவி BGN நிலையில் இருக்கிறது, அதாவது பணம் ஆண்டின் தொடக்கத்தில் வருவதாகக் கணக்கிடுகிறது. இது எப்படி நேர்கிறது? அரை மணி நேரத்துக்கு முன்னால் வாடகையை முன்கூட்டியே செலுத்தும் கணக்கு ஒன்று வந்தது, அதற்காக BGN நிலைக்கு மாற்றினீர்கள், திருப்பி மாற்றவில்லை. CLR TVM அழுத்தினால் எல்லாம் அழிந்துவிடும் என்று நம்புகிறோம். அது N, I/Y, PV, PMT, FV ஆகிய ஐந்து எண்களை மட்டுமே அழிக்கும், BGN நிலையைத் தொடாது. திரையின் மேல் ஓரத்தில் BGN என்ற சின்ன எழுத்து எரிந்துகொண்டுதான் இருக்கும். களைத்த கண்ணுக்கு அது தெரியாது. இதில் விஷமம் என்னவென்றால், வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் இந்தத் தவறு தெரியும். A 399.27, B 431.21, C 500 என்று விடைகள் இருக்கும். உங்கள் தவறான விடை அங்கேயே உட்கார்ந்திருப்பதால் சந்தேகம்கூட வராது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. உங்கள் விடையைச் சரியான விடையால் வகுங்கள். 431.21ஐ 399.27ஆல் வகுத்தால் 1.08. சரியாக ஓர் ஆண்டு வட்டி அளவுக்கு விலகல் இருந்தால் குற்றவாளி BGN. அதே கணக்குக்கு 490ஐ ஒட்டி விடை வந்தால், ஆண்டுக்கு எத்தனை முறை பணம் வரும் என்பதைக் குறிக்கும் P/Y 12 என்று இருக்கிறது; ஆண்டு வட்டியைக் கருவி மாதங்களுக்குப் பிரித்துவிட்டது. P/Yஐ எப்போதும் 1இல் வையுங்கள். BGNஐத் திருப்ப 2ND BGN, 2ND SET, 2ND QUIT. ஒவ்வொரு மாலையும் முதல் கேள்விக்கு முன்னால் மேலே உள்ள கணக்கை ஒரு முறை போட்டு 399.27 வருகிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலைதான்.

தவறு நோட்டில் என்ன எழுத வேண்டும்? கேள்வி, விடை, விளக்கம் எல்லாவற்றையும் எழுதினால் ஒரு மாலை அதற்கே போய்விடுகிறது.

அவ்வளவும் எழுத வேண்டாம். ஒரு தவறுக்கு ஒரு வரி, ஓர் எழுத்து. வரியில் உங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய விதி இருக்க வேண்டும். 'சரக்கு மதிப்பீடு தவறு' என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. 'விலை ஏறும் காலத்தில் ஃபிஃபோவில் விற்ற சரக்கின் அடக்கம் குறையும், லாபம் கூடும். லைஃபோவில் நேர்மாறு' என்று எழுதினால் அடுத்த வாரம் அது பேசும்.

எழுத்து, தவறின் வகைக்கு. 'தெ' என்றால் விஷயமே தெரியவில்லை. 'கு' என்றால் தெரியும், இன்னொன்றோடு குழப்பிக்கொண்டேன். 'வா' என்றால் கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை. least likely என்று கேட்டிருக்க, most likely என்று நினைத்து விடை போடுவது இந்த மூன்றாவது வகை. வெள்ளிக்கிழமை மாலை எண்ணிப் பாருங்கள். 'தெ' கூடுதலாக இருந்தால் சனிக்கிழமை பாடத்துக்குத் திரும்ப வேண்டும். 'கு' கூடுதலாக இருந்தால் குழம்பும் இரண்டையும் ஒரே தாளில் அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும். 'வா' வகைத் தவறுகள் மாலையின் கடைசி 20 நிமிடத்தில் குவிந்திருந்தால், பாடத்தில் குறை ஒன்றும் இல்லை. நீங்கள் 20 நிமிடம் முன்னதாகவே நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த வாரம் மாலையை 70 நிமிடமாகக் குறைத்துப் பாருங்கள், சரியான விடைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் குறையாது.

நோட்டில் ஏறிய கேள்வியை இரண்டு நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, மூன்று வாரம் கழித்து ஒரு முறை திரும்பப் போடுங்கள். மூன்று முறையும் சரியானால் அடித்துவிடலாம்.

நெறிமுறைப் பாடம் பொது அறிவுதானே? கடைசி வாரம் பார்த்துக்கொண்டால் போதாதா?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் கடுமையாகவே பதில் சொல்வது வழக்கம். முதல் நிலைத் தேர்வில் அதற்கு 15 முதல் 20 விழுக்காடு. வேறெந்தப் பாடத்துக்கும் இவ்வளவு இல்லை. டெரிவேட்டிவ்ஸ் பாடத்துக்கு 5 முதல் 8 விழுக்காடுதான், அதற்கு மாதக்கணக்கில் மன்றாடுபவர்கள் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள்.

பொது அறிவு எங்கே காலை வாரும் என்பதற்கு ஒரு கேள்வி. ஒருவர் வேலையை விட்டுப் போகப்போகிறார். இன்னும் பணியில் இருக்கும்போதே, தன் சொந்த நேரத்தில், புது நிறுவனத்தைப் பதிவு செய்கிறார். பழைய நிறுவனத்தின் கோப்பு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வெளியேறிய பிறகு, நினைவிலிருந்த வாடிக்கையாளர் பெயர்களைக் கொண்டு, பொதுவில் கிடைக்கும் தொலைபேசி எண்களைத் தேடி எடுத்து அழைக்கிறார். விதியை மீறினாரா? வாடிக்கையாளரை இழுப்பது துரோகம் என்று மனம் சொல்லும். ஆனால் வேறு ஒப்பந்தம் எதுவும் தடுக்காத நிலையில் அவர் எந்த விதியையும் மீறவில்லை. பணியில் இருக்கும்போதே வாடிக்கையாளர்களை அழைத்திருந்தாலோ பட்டியலை நகல் எடுத்திருந்தாலோ மீறல். கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி, அவர் நல்லவரா என்பதல்ல.

இப்படிப்பட்ட கோடுகள் சின்னச் சின்னச் சம்பவங்கள் வழியாகத்தான் மனதில் பதியும். அதனால் இந்தப் பாடம் மாலைக்கென்றே செய்ததுபோல இருக்கும். கணக்கு இல்லை, கால்குலேட்டர் வேண்டாம், ஒரு சம்பவத்துக்கு இரண்டு நிமிடம். மூன்றாவது மாதத்திலிருந்து ஒவ்வொரு மாலையும் ஐந்து சம்பவங்களோடு தொடங்குங்கள். கடைசி வாரம் முழுப் பாடத்தையும் இன்னொரு முறை வாசிக்கலாம், அது திருப்புதலாக இருக்க வேண்டும்.

மாதக் கணக்கு முடிக்கும் வேலையில் ஒரு வாரம் முழுவதும் போய்விட்டது. அடுத்த வாரம் இரட்டிப்பாகப் படித்து ஈடுகட்டலாமா?

ஈடுகட்ட வேண்டாம். விட்ட வாரத்துக்காகத்தான் முதல் பதிலில் மூன்று நான்கு வாரம் சேர்த்தோம். அதிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். இரட்டிப்பு வாரம் பெரும்பாலும் அதற்கடுத்த வாரத்தையும் சேர்த்துக்கொண்டு போய்விடும். முன்பே தெரிந்த நெருக்கடி வாரமாக இருந்தால், அந்த வாரம் மட்டும் நாளுக்கு 10 பழைய கேள்விகள் போதும். 15 நிமிடம். பழையதை மறக்காமல் காக்க அது போதுமானது, புதிதாக எதையும் தொட வேண்டாம்.

மாதிரித் தேர்வை இரண்டு மூன்று மாலைகளாகப் பிரித்து எழுதலாமா? வார இறுதியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ஒரு மாதிரித் தேர்வையாவது முழுதாக எழுத வேண்டும், முடிந்தால் மூன்று. தேர்வு இரண்டு அமர்வு. ஒவ்வொன்றிலும் 90 கேள்விகள், 135 நிமிடங்கள். நடுவில் இடைவேளை. முதல் அமர்வில் நெறிமுறை, புள்ளியியல் கணக்குகள், பொருளாதாரம், நிதிநிலை அறிக்கை. மற்றவை இரண்டாம் அமர்வில். மாலையில் 20 கேள்வியாகவே போட்டுப் பழகியவருக்கு 60ஆவது கேள்விக்கு மேல் என்ன நடக்கும் என்பது தெரியாது. 'வா' வகைத் தவறுகள் அங்கேதான் கூட்டமாக வரும்.

கடைசி நான்கு வாரத்தில் மூன்று சனிக்கிழமைகளை இதற்கு ஒதுக்குங்கள். உண்மையான தேர்வு காலையில் என்றால் மாதிரியையும் காலையில் எழுதுங்கள். ஆறு மாதம் மாலையில் மட்டுமே கேள்வி போட்டவர்கள் அந்த நேரத்துக்கும் பழக வேண்டும். ஞாயிறு முழுவதும் தவறுகளை அலசுவதற்கு. அலசாத மாதிரித் தேர்வு வெறும் மதிப்பெண். ஒரு கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள். தவறான விடைக்குக் கழிவு இல்லை, மூன்றில் ஒன்று ஊகத்திலேயே சரியாகும். நான்கு வாரத்திலும் ஒரு வார இறுதிகூட மிச்சமில்லாமல் போனால் மட்டும், முதல் அமர்வை ஒரு மாலையும் இரண்டாவதை மறுநாளும் எழுதலாம். அதற்கும் கீழே பிரிக்க வேண்டாம்.

இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. மாதிரித் தேர்வில் 58 விழுக்காடுதான் வந்தது. எழுதவா, விட்டுவிடவா?

தேர்ச்சிக்கு நிலையான விழுக்காடு இல்லை. ஒவ்வொரு தேர்வுக்கும் இன்ஸ்டிடியூட் ஒரு குறைந்தபட்ச மதிப்பெண்ணை நிர்ணயிக்கிறது. மாதிரியில் 70க்கு மேல் தொடர்ந்து வந்தால் நிம்மதியாகப் போகலாம் என்பது தேர்வு எழுதுபவர்கள் மத்தியில் உள்ள வழக்கு, விதி அல்ல. 58ஐ மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்த 180 கேள்விகளில் தவறானவற்றைத் தவறு நோட்டின் மூன்று எழுத்துகளாகப் பிரியுங்கள்.

58 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 76 தவறுகள். அவற்றில் 30 'கு', 20 'வா' என்று இருந்தால் எழுதுங்கள். ஐந்து வாரத்தில் மீட்கக்கூடியவை இவைதான். 20 மாலைகள் இருக்கின்றன, குழப்பத்தைத் தீர்ப்பது மாலை வேலை. 50க்கு மேல் 'தெ' என்றால், அவை எந்தப் பாடங்களில் இருக்கின்றன என்று பாருங்கள். நெறிமுறை, நிதிநிலை அறிக்கை போன்ற கனமான ஒன்றிரண்டில் குவிந்திருந்தால் வரும் இரண்டு வார இறுதிகளை அவற்றுக்கே கொடுக்கலாம். பத்துப் பாடத்திலும் பரவியிருந்தால் ஐந்து வாரம் போதாது. கட்டணத்தை நினைத்து எழுதிப் பார்ப்பது உங்கள் விருப்பம். ஆனால் விடுப்பு எடுத்து இரவு பகலாகப் படிக்கிறேன் என்று இறங்குவதற்கு முன்னால், இன்ஸ்டிடியூட்டின் இணையதளத்தில் உங்கள் பதிவுக்குரிய விதிகளையும், அடுத்த முறை எழுத எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

எழுதுவது என்று முடிவானால் இன்னொன்று: செய்முறைப் பயிற்சித் தொகுதி ஒன்றை முடித்தால்தான் உங்கள் தேர்வு முடிவு வெளியாகும். தேர்வுக்கு முந்தைய வாரம்வரை அதைத் தொடாமல் இருப்பவர்கள் பலர். அதற்கு மூளை முழு விழிப்பில் இருக்க வேண்டியதில்லை, கேள்வி போட முடியாத அளவுக்குக் களைத்த மாலைகளில் கொஞ்சம் கொஞ்சமாக முடித்துவிடலாம்.